மென்தைல் குளோரைடில் எதிர்பாராத 3-மென்தீன்: நாற்காலி அமைப்பு, ஆக்சியல் தொகுதிகள், திரிபாற்றல்

பூங்குழலி

அனைவருக்கும் வணக்கம். நான் முதுகலை இரண்டாம் ஆண்டு கரிம வேதியியல் மாணவி. சைக்ளோஹெக்சேன் வளையத்தில் நடக்கும் நீக்க வினைக்கு எல்லாப் பாடநூல்களும் எடுத்துக்காட்டும் மென்தைல் குளோரைடு, நியோமென்தைல் குளோரைடு இணையைச் செய்முறைத் திட்டமாக எடுத்துக்கொண்டேன். சோடியம் எத்தாக்சைடை எத்தனாலில் சேர்த்துச் சூடாக்கினால், நியோமென்தைல் குளோரைடு ஏறத்தாழ 200 மடங்கு விரைவாக வினைபுரிந்து 78 விழுக்காடு 3-மென்தீனும் 22 விழுக்காடு 2-மென்தீனும் தருகிறது என்றும், மென்தைல் குளோரைடு மெதுவாக வினைபுரிந்து 2-மென்தீனை மட்டுமே தருகிறது என்றும் படித்திருக்கிறேன்.

மென்தைல் குளோரைடில் மெத்தில், குளோரின், ஐசோபுரோப்பைல் ஆகிய மூன்றும் ஈக்விடோரியலாக, அதாவது வளையத்தின் ஓரமாகப் பக்கவாட்டில் இருக்கின்றன. நீங்கும் குளோரினும் பக்கத்துக் கார்பனின் ஹைட்ரஜனும் ஆக்சியலாக, அதாவது வளையத்துக்குச் செங்குத்தாக எதிரெதிரே நிற்க வேண்டும் என்பதால், வளையம் புரண்டு மூன்றும் ஆக்சியலாக மாறிய பிறகே வினை நடக்க முடியும் என்பது விளக்கம். இதில் எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. மூன்று தொகுதிகளும் ஆக்சியலாவதற்கு ஆகும் ஆற்றலைக் கணக்கிட்டு அந்த 200 மடங்கை வரவழைக்க முடியுமா? அடுத்து, நான் தயாரித்த மென்தைல் குளோரைடை வைத்துச் செய்த வினையின் விளைபொருள்களைப் பிரித்துக் காட்டும் ஜிசி வரைபடத்தில் 2-மென்தீனுக்குப் பக்கத்தில் 3-மென்தீனின் சிறிய உச்சியும் தெரிகிறது. வரவே கூடாத பொருள் எப்படி வந்தது?

குடுவைக்காரன்

முதல் கேள்விக்கான கணக்கு எளிது. ஒரு தொகுதி ஈக்விடோரியல் நிலையிலிருந்து ஆக்சியல் நிலைக்குப் போக ஆகும் ஆற்றலை ஏ-மதிப்பு என்று அட்டவணையிட்டு வைத்திருக்கிறார்கள். மெத்திலுக்கு 1.74, ஐசோபுரோப்பைலுக்கு 2.15, குளோரினுக்கு ஏறத்தாழ 0.53 கிலோகலோரி. மூன்றையும் கூட்டினால் மோலுக்கு 4.4 கிலோகலோரி வருகிறது. வினை நடப்பது 125 டிகிரி செல்சியஸ் வாக்கில் என்று கொண்டால், வாயு மாறிலியையும் அந்த வெப்பநிலையையும் பெருக்கி வரும் RT-யின் மதிப்பு 0.79 கிலோகலோரி. 4.4-ஐ 0.79-ஆல் வகுத்து அடுக்குக்குறிச் சார்பில் இட்டால் 260 வருகிறது. அதாவது ஒவ்வொரு 260 மூலக்கூறுகளிலும் ஏறத்தாழ ஒன்றுதான் மூன்று தொகுதிகளும் ஆக்சியலாக உள்ள நாற்காலி வடிவ வளையமாக இருக்கும். நூல் சொல்லும் 200-க்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. எனவே முழு வேறுபாடும் நாற்காலி புரள ஆகும் செலவால் வந்தது என்று உறுதியாகச் சொல்லிவிடலாம்.

தணிகாசலம்

எனக்கு ஓர் அடிப்படை ஐயம். வளையம் புரளும்போது ஆக்சியல் ஈக்விடோரியலாகவும், ஈக்விடோரியல் ஆக்சியலாகவும் மாறுகிறது அல்லவா? நியோமென்தைல் குளோரைடில் குளோரின் ஆக்சியல், மென்தைல் குளோரைடில் ஈக்விடோரியல். அப்படியானால் மென்தைல் குளோரைடு புரண்டால் நியோமென்தைல் குளோரைடு ஆகிவிடாதா? அதிலிருந்துதான் 3-மென்தீன் வந்திருக்க வேண்டும். பூங்குழலியின் இரண்டாம் கேள்விக்கு இதுவே விடை என்று நினைக்கிறேன்.

ஆய்வகத்தான்

தணிகாசலம் சொல்வது நடக்காது. வளையம் புரளும்போது எந்தப் பிணைப்பும் அறுபடுவதில்லை. வளையத்தின் தளத்துக்கு மேற்புறம் இருந்த தொகுதி புரண்ட பின்பும் மேற்புறமே இருக்கும். அது அந்த முகத்திலேயே ஈக்விடோரியலிலிருந்து ஆக்சியலுக்குப் போகிறது, அவ்வளவுதான். மென்தைல் குளோரைடில் குளோரினும் மெத்திலும் ஒரே முகத்திலும், ஐசோபுரோப்பைல் எதிர்முகத்திலும் உள்ளன. நியோமென்தைல் குளோரைடில் குளோரினும் ஐசோபுரோப்பைலும் ஒரே முகத்தில் உள்ளன. ஒன்றை மற்றொன்றாக்க வேண்டுமானால் கார்பன்–குளோரின் பிணைப்பை உடைத்து மறுபுறத்திலிருந்து ஒட்ட வேண்டும். புறவெளி அமைப்பு வேறு, வச அமைப்பு வேறு என்பதை இந்த இடத்தில் தவறவிட்டால் பிறகு வரும் எதுவும் ஒட்டாது.

குடுவைக்காரனின் கணக்குக்கு வருகிறேன். கூட்டல் சரி, வகுத்தலும் சரி. ஆனால் விடை பொருந்துவது பெரும்பாலும் தற்செயல் என்பது என் கருத்து. மெத்திலின் ஏ-மதிப்பான 1.74 எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஆக்சியல் மெத்தில், அதே முகத்தில் ஒன்றுவிட்ட கார்பன்களில் உள்ள இரண்டு ஆக்சியல் ஹைட்ரஜன்களோடு நெருங்குகிறது. பியூட்டேனில் இரண்டு மெத்தில்களும் 60 டிகிரி கோணத்தில் நெருங்கும் கோஷ் அமைப்புக்கு ஆகும் 0.9 கிலோகலோரி இங்கே இருமுறை வருகிறது. ஆகவே ஏ-மதிப்பு என்பது எதிரே ஹைட்ரஜன் மட்டுமே இருக்கிறது என்று கொண்டு போட்ட விலை. நம் மூலக்கூறில் மெத்தில் முதல் கார்பனிலும் குளோரின் மூன்றாம் கார்பனிலும், இரண்டும் ஒரே முகத்தில் உள்ளன. மூன்று தொகுதிகளும் ஆக்சியலாகும்போது மெத்திலுக்கு எதிரே ஒரு பக்கம் ஹைட்ரஜனும் மறுபக்கம் குளோரினும் நிற்கின்றன. அந்த மெத்தில்–குளோரின் மோதலின் விலை எந்த ஏ-மதிப்பிலும் இல்லை.

அது எவ்வளவு பெரிதாக இருக்கக்கூடும் என்பதற்கு மெத்திலை வைத்தே ஓர் அளவு தருகிறேன். சிஸ்-1,3-டைமெத்தில்சைக்ளோஹெக்சேனில் இரண்டு மெத்தில்களும் ஆக்சியலானால் ஏ-மதிப்புகளைக் கூட்டி 3.5 என்று எழுதத் தோன்றும். உண்மையில் அது ஏறத்தாழ 5.4 கிலோகலோரி. மெத்தில்–மெத்தில் மோதல் மட்டுமே 3.7-ஐ விழுங்கிவிடுகிறது. குளோரின் அவ்வளவு கொடுமை செய்யாது, ஆனாலும் சுழியம் இல்லை.

எதிர்த்திசையிலும் ஒரு திருத்தம் உண்டு. மூன்றும் ஈக்விடோரியலாக இருக்கும்போது அடுத்தடுத்த கார்பன்களில் உள்ள குளோரினும் ஐசோபுரோப்பைலும் 60 டிகிரி கோணத்தில் உரசிக்கொண்டிருக்கின்றன. இரண்டும் ஆக்சியலானால் ஒன்று நேர் மேலேயும் மற்றொன்று நேர் கீழேயும் போய்விடுவதால் அந்த உரசல் நீங்குகிறது. ஒரு திருத்தம் செலவை ஏற்றுகிறது, மற்றொன்று இறக்குகிறது. இரண்டையும் விட்டுவிட்டுப் போட்ட கணக்கு அளவோடு ஒத்துப்போவதை அந்தக் கணக்கு சரி என்பதற்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

குடுவைக்காரன்

ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் முழுமையாக அல்ல. இரு திருத்தங்களும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன என்றால் என் கூட்டல் நடைமுறைக்குப் பயன்படும் என்றுதானே பொருள்? பல்லாயிரம் பேர் தேர்வில் இப்படித்தான் எழுதுகிறார்கள். மேலும், ஏ-மதிப்புகளைக் கூட்டுவது பெரும்பாலான மூலக்கூறுகளில் சரியாகவே வருகிறது.

ஆய்வகத்தான்

தொகுதிகள் 1,4 நிலையில் இருந்தால் பெரும்பாலும் வரும், ஏனெனில் அவை ஒன்றையொன்று தொடுவதில்லை. ஒரே கார்பனில் இரண்டு தொகுதிகள் இருந்தால் கூட்டல் தலைகீழாகவே போகக்கூடும். பீனைலின் ஏ-மதிப்பு 2.8, மெத்திலின் மதிப்பு 1.74. எனவே 1-மெத்தில்-1-பீனைல்சைக்ளோஹெக்சேனில் பீனைல்தான் ஈக்விடோரியலாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்போம். அளந்து பார்த்தால் பீனைல் ஆக்சியலாக இருப்பதே 0.3 கிலோகலோரி அளவுக்கு விருப்பமான நிலை. தனியாக இருக்கும் ஈக்விடோரியல் பீனைல் தன் தட்டையான முகத்தைத் தனக்கு வசதியான பக்கம் திருப்பிக்கொள்கிறது. பக்கத்தில் மெத்தில் வந்தவுடன் அந்த வசதி போய்விடுகிறது.

ஆனால் என் பெரிய மறுப்பு இது அன்று. 200 என்ற எண்ணையே இந்தக் கணக்கோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. நியோமென்தைல் குளோரைடின் வேகத்தில் இரண்டு வழிகள் கலந்திருக்கின்றன. ஆக்சியல் குளோரினுக்கு எதிர்த்திசையில் இரண்டாம் கார்பனிலும் ஓர் ஆக்சியல் ஹைட்ரஜன் இருக்கிறது, நான்காம் கார்பனிலும் ஒன்று இருக்கிறது. நான்காம் கார்பனில் உள்ளது நீங்கினால் 3-மென்தீன், இரண்டாம் கார்பனில் உள்ளது நீங்கினால் 2-மென்தீன். மென்தைல் குளோரைடுக்கு முதல் வழி கிடையாது. ஆகவே நேர்மையான ஒப்பீடு 2-மென்தீன் வழியை 2-மென்தீன் வழியோடு ஒப்பிடுவதே. 200-இல் 22 விழுக்காடு என்றால் 44 மடங்கு. அதே 125 டிகிரியில் 44 மடங்குக்கு ஆகும் ஆற்றல் வேறுபாடு 3.0 கிலோகலோரி. உங்கள் 4.4 எங்கே, இந்த 3.0 எங்கே?

இன்னும் ஒன்று. இந்த 3.0 என்பது இரு கிளர்வு ஆற்றல்களுக்கு இடையேயான வேறுபாடு, அதாவது ஒவ்வொன்றும் தன் சொந்த அடிநிலையிலிருந்து ஏற வேண்டிய உயரங்களின் வேறுபாடு. நியோமென்தைல் குளோரைடின் அடிநிலையிலேயே குளோரின் ஆக்சியலாக இருப்பதால் அது ஏறத்தாழ அரை கிலோகலோரி மேலிருந்து தொடங்குகிறது. அதைக் கழித்தால், ஆக்சியல் மெத்திலும் ஆக்சியல் ஐசோபுரோப்பைலும் சேர்ந்து, வினை ஏற வேண்டிய உச்சியில் உள்ள கிளர்வு அணைவின் ஆற்றலை 2.5 கிலோகலோரி அளவுக்குத்தான் உயர்த்துகின்றன. ஏ-மதிப்புகளின்படி அது 3.9 ஆக இருந்திருக்க வேண்டும், மெத்தில்–குளோரின் மோதலையும் சேர்த்தால் இன்னும் கூடுதலாக.

பூங்குழலி

மிக்க நன்றி ஐயா. அந்த 22 விழுக்காட்டை நான் வேகக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஆனால் செலவு ஏன் குறைய வேண்டும்? ஆக்சியல் தொகுதிகள் கிளர்வு அணைவிலும் அங்கேயேதானே இருக்கின்றன?

ஆய்வகத்தான்

இருக்கின்றன, ஆனால் வளையம் அதே நாற்காலியாக இருப்பதில்லை. வினை நடக்கும் கட்டத்தில் இரண்டாம், மூன்றாம் கார்பன்கள் இரட்டைப் பிணைப்பை நோக்கித் தட்டையாகத் தொடங்கிவிடுகின்றன. கார்பன்–குளோரின் பிணைப்பு நீள்வதால் குளோரின் மெத்திலை விட்டு விலகுகிறது. ஐசோபுரோப்பைல் யாரோடு மோதுகிறது என்று பாருங்கள். அது இருக்கும் நான்காம் கார்பனிலிருந்து ஒன்றுவிட்டு உள்ளவை இரண்டாம் கார்பனும் ஆறாம் கார்பனும். இரண்டாம் கார்பனில் அதற்கு எதிரே நிற்கும் ஆக்சியல் ஹைட்ரஜன்தான் எத்தாக்சைடு பிடுங்கிக்கொண்டிருக்கும் ஹைட்ரஜன். மோதவேண்டிய அணு பாதி வழியில் வெளியேறிக்கொண்டிருக்கும்போது மோதலின் விலையும் குறையத்தானே செய்யும்? இதோடு நான் முன்பு சொன்ன குளோரின்–ஐசோபுரோப்பைல் உரசல் நீங்குவதும் சேர்கிறது. இவற்றில் எது எவ்வளவு பங்களிக்கிறது என்று இந்த ஒரே எண்ணிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

முகிலன்

இடையில் புகுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் வாசனைப் பொருள் தயாரிக்கும் ஒரு தொழிற்கூடத்தில் வேலை செய்கிறேன். எங்களுக்குக் குளோரைடு தெரியாது, மென்தால் தெரியும். தைமாலை ஹைட்ரஜனேற்றம் செய்தால் மென்தாலின் நான்கு வகைகளும் கலந்து வரும். அந்தக் கலவை சமநிலையை அடைந்தால் ஏறத்தாழ 60 விழுக்காடு மென்தாலும் 20 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவாக நியோமென்தாலும், 10 விழுக்காட்டுக்குச் சற்று மேலாக ஐசோமென்தாலும் இருக்கும், நியோஐசோமென்தால் மிகச் சொற்பம். மென்தாலைப் பிரித்தெடுத்துவிட்டு மீதியை மறுபடியும் உலைக்கு அனுப்பினால் அதே விகிதம் திரும்ப வருகிறது. நீங்கள் பேசும் விலைகள் இங்கே பொருந்துமா? நியோமென்தாலை அறை வெப்பநிலையில் நீண்ட நாள் வைத்திருந்தால் தானாகவே மென்தாலாகிவிடுமா என்பதும் என் நெடுநாள் ஐயம்.

ஆய்வகத்தான்

தானாக ஆகாது, முகிலன். தணிகாசலத்துக்குச் சொன்ன அதே காரணம்தான். வினையூக்கியின் மேல் ஹைட்ரஜன் நீங்கி மீண்டும் சேர்வதால்தான் உங்கள் உலையில் மாற்றம் நடக்கிறது. குப்பியில் அதற்கு வழி இல்லை.

விகிதம் பொருந்துகிறது. மென்தாலில் மூன்றும் ஈக்விடோரியல், நியோமென்தாலில் ஹைட்ராக்சில் மட்டும் ஆக்சியல். ஹைட்ராக்சிலின் ஏ-மதிப்பு கரைப்பானைப் பொறுத்து 0.6-லிருந்து 0.9 கிலோகலோரி வரை மாறும். 200 டிகிரி வாக்கில் 0.9-க்குரிய விகிதம் ஏறத்தாழ 2.6 வரும், உங்கள் 60-க்கு 20 என்பது மூன்றுக்கு ஒன்று. இங்கே கூட்டல் ஓரளவு வேலை செய்வதற்குக் காரணம், ஒரே ஒரு சிறிய தொகுதி மட்டும் நிலை மாறுகிறது, எதிரே வெறும் ஹைட்ரஜன்கள்தான் இருக்கின்றன. குடுவைக்காரன் இதைத் தன் பக்கச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம், எனக்கு மறுப்பில்லை.

தணிகாசலம்

என் பழைய கருத்தைக் கைவிடுகிறேன். ஆனால் அப்படியென்றால் பூங்குழலியின் குடுவையில் 3-மென்தீன் எப்படி வந்தது? வெப்பநிலை அதிகமானதால் விதி சற்றுத் தளர்ந்துவிட்டது என்று கொள்ளலாமா? ஆற்றல் செலவுதான் தடை என்றால், போதுமான சூடு கொடுத்தால் எந்தத் தடையையும் தாண்டலாமே?

ஆய்வகத்தான்

இந்தக் கேள்வியில்தான் பலரும் இரண்டு செய்திகளைக் கலந்துவிடுகிறார்கள். மென்தைல் குளோரைடு மெதுவாக வினைபுரிவது ஆற்றல் செலவால். அது 3-மென்தீனைத் தராதது ஆற்றல் செலவால் அன்று. நான்காம் கார்பனில் ஐசோபுரோப்பைல் குளோரினுக்கு எதிர்முகத்தில் இருப்பதால் அங்குள்ள ஒரே ஹைட்ரஜன் குளோரின் இருக்கும் முகத்திலேயே இருக்கிறது. எந்த நாற்காலியிலும், படகிலும், முறுக்குப் படகிலும் அந்த ஹைட்ரஜனும் குளோரினும் 180 டிகிரியில் எதிரெதிராக வர முடியாது. வளையத்தை எவ்வளவு சூடாக்கினாலும் அது மாறாது. மெதுவாக நடப்பது ஒன்று, வழியே இல்லாதது வேறொன்று.

ஆகவே 3-மென்தீன் தெரிந்தால் அது வேறு கதவு வழியாக வந்திருக்கிறது. இரண்டு கதவுகள் எனக்குத் தோன்றுகின்றன. தொடக்கப் பொருளில் நியோமென்தைல் குளோரைடு கலந்திருக்கலாம். அல்லது குளோரைடு தானே பிரிந்து கார்பன் நேர்மின் அயனியாகி அதிலிருந்து ஹைட்ரஜன் நீங்கியிருக்கலாம். அயனியாகிவிட்டால் எதிரெதிர் நிபந்தனை தேவையில்லை, செயிட்செஃப் விதிப்படி 3-மென்தீனே மிகுதியாக வரும். காரம் குறைவாகவும் கரைப்பானில் நீர் கலந்தும் இருந்தால் இது நடக்கும். பூங்குழலி, உங்கள் மென்தைல் குளோரைடை எப்படித் தயாரித்தீர்கள்? எத்தாக்சைடின் செறிவு என்ன?

பூங்குழலி

மென்தாலோடு துத்தநாகக் குளோரைடும் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்துத் தயாரித்தேன். பெட்ரோலியம் ஈதரில் பிரித்தெடுத்து, நீரால் கழுவி, வாலை வடித்தேன். அடர் கந்தக அமிலத்தால் கழுவவில்லை, அந்தப் படிநிலை எங்கள் குறிப்பில் இல்லை. எத்தாக்சைடு ஒரு மோலார் செறிவுக்குக் கிட்டத்தட்ட இருந்தது, எத்தனால் உலர்ந்ததுதான்.

ஆய்வகத்தான்

அந்த முறையில் பெரும்பகுதி மென்தைல் குளோரைடாகவே வரும், ஆனால் இடம் மாறிய மூவிணைய குளோரைடுகளும் சிறிது நியோமென்தைலும் உடன் வருவதுண்டு. குளிர்ந்த அடர் கந்தக அமிலத்தால் கழுவுவது அந்த மூவிணைய குளோரைடுகளை அழித்து வெளியேற்றத்தான். மாறாக டிரைபீனைல்பாஸ்பீனும் கார்பன் டெட்ராகுளோரைடும் கொண்டு மென்தாலிலிருந்து தயாரித்தால் அமைப்பு தலைகீழாகி நியோமென்தைல் குளோரைடு கிடைக்கும்.

முதலில் தொடக்கப் பொருளின் புரோட்டான் என்எம்ஆரைப் பாருங்கள். குளோரின் உள்ள கார்பனின் ஹைட்ரஜன் மென்தைலில் ஆக்சியல். பக்கத்து ஆக்சியல் ஹைட்ரஜன்கள் இரண்டோடு 11 ஹெர்ட்ஸ் அளவுக்குப் பிரிந்து, 3.8 பிபிஎம் வாக்கில் அகலமான குறியாகத் தெரியும். நியோமென்தைலில் அதே ஹைட்ரஜன் ஈக்விடோரியல், எல்லாப் பிரிவுகளும் சிறியவை, எனவே 4.5 பிபிஎம் அருகில் குறுகலாக நிற்கும்.

அடுத்து, வினையைத் தொடங்கிச் சிறிது நேரத்திலேயே ஒரு மாதிரி எடுத்து ஜிசி போடுங்கள், பிறகு நடுவில் ஒன்று, முடிவில் ஒன்று. நியோமென்தைல் 200 மடங்கு விரைவு என்பதை இங்கே கருவியாகப் பயன்படுத்தலாம். கலப்படம்தான் காரணம் என்றால் 3-மென்தீன் முழுவதும் தொடக்கத்திலேயே வந்து தீர்ந்துவிடும், அதன்பின் 2-மென்தீன் மட்டும் வளரும். அயனி வழி காரணம் என்றால் இரண்டும் கடைசி வரை ஒரே விகிதத்தில் வளரும்.

குடுவைக்காரன்

நல்ல சோதனை. ஒரு சேர்க்கை: கலப்படம் 5 விழுக்காடு என்றால் மொத்தத்தில் 3-மென்தீன் 4 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, ஏனெனில் நியோமென்தைலும் 78 விழுக்காடுதான் தருகிறது. என்எம்ஆர் தொகையீட்டையும் ஜிசி பரப்பையும் இப்படி ஒன்றோடொன்று சரிபார்க்கலாம்.

பூங்குழலி

செய்து பார்த்தேன். 4.5 அருகில் சிறிய குறுகலான குறி இருக்கிறது. முதல் மாதிரியில் 2-மென்தீனைவிட 3-மென்தீன் மிகுதி. அதன்பின் 3-மென்தீனின் அளவு ஏறவில்லை, 2-மென்தீன் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. குடுவைக்காரன் சொன்ன சரிபார்ப்பில் மட்டும் சிறு இடைவெளி இருக்கிறது, என்எம்ஆர் காட்டும் நியோமென்தைலுக்கு வர வேண்டியதைவிட 3-மென்தீன் சற்றுக் கூடுதல்.

ஆய்வகத்தான்

அந்தக் கூடுதல் மூவிணைய குளோரைடிலிருந்து வந்திருக்கலாம். நான்காம் கார்பனில் குளோரின் உள்ள மூவிணைய குளோரைடு 3-மென்தீனைத் தரக்கூடியது, அதன் கார்பனில் ஹைட்ரஜன் இல்லாததால் நீங்கள் பார்த்த என்எம்ஆர் பகுதியில் குறியும் வராது. கந்தக அமிலத்தால் கழுவிய பொருளோடு வினையை மறுபடியும் செய்தால் தெரிந்துவிடும்.

முகிலன்

ஒரு கேள்வி மிஞ்சுகிறது. மூன்று தொகுதிகளும் ஆக்சியலான நாற்காலிக்கு இவ்வளவு செலவு என்றால், மூலக்கூறு அதைத் தவிர்த்து முறுக்குப் படகு வழியாகவே 2-மென்தீனைத் தரலாமே?

ஆய்வகத்தான்

சாதாரண சைக்ளோஹெக்சேனில் முறுக்குப் படகு நாற்காலியைவிட 5.5 கிலோகலோரி மேலே இருக்கிறது. நாம் கண்ட 3.0-ஐ விட அது அதிகம், எனவே நாற்காலி வழியே எனக்கு ஏற்புடையது. ஆனால் மூன்று ஆக்சியல் தொகுதிகளைச் சுமக்கும் நாற்காலிக்கும், அவற்றை ஓரளவு ஒதுக்கி வைக்கும் முறுக்குப் படகுக்கும் இடையே கிளர்வு அணைவில் எவ்வளவு இடைவெளி என்பதை வேக அளவீடு மட்டும் சொல்லாது. நாற்காலி புரளுவது நொடிக்கு இலட்சக் கணக்கில் நடப்பதால் எந்த வழியில் போனாலும் வேக விதி ஒன்றுபோலவே இருக்கும்.

குடுவைக்காரன்

அப்படியானால் என் 4.4-ஐப் போலவே உங்கள் 2.5-உம் நாற்காலி வழியை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு போட்ட கணக்குதானே, ஐயா?

ஆய்வகத்தான்

இல்லை. 2.5 என்பது அளந்த வேகங்களிலிருந்தும் குளோரினின் ஏ-மதிப்பிலிருந்தும் வந்த எண், எந்த வடிவமானாலும் அது மாறாது. அதை ஆக்சியல் மெத்திலுக்கும் ஐசோபுரோப்பைலுக்கும் நான் பங்கிட்டதுதான் நாற்காலி வழியை நம்பிச் செய்தது. அந்த அளவில் உங்கள் மறுப்பு சரியே.